2025 ஜனவரி முதல் மார்ச் வரை: இணையத் தளம் வழியான விற்பனை, கட்டணம், நிறுத்திவைப்பு, வங்கி வரவு ஆகியவற்றின் கணக்கு விளக்கம்

தண்டையார்பேட்டை, சென்னை
21.04.2025

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், திருவொற்றியூர் நெடுஞ்சாலைக் கிளை
பொருள்: முத்ரா கிஷோர் பிரிவில் ரூ.1,80,000 கடன் கோரும் விண்ணப்பத்துடன் இணைக்கும் வருமான விளக்கம்

மதிப்பிற்குரிய ஐயா,

கணினி, வண்ணத் துல்லியமுள்ள திரை, ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் ஆகியவை வாங்குவதற்காக நான் அளித்த விண்ணப்பத்தைப் பார்த்தபோது, கடன் பிரிவு அலுவலர் என் பாஸ்புக்கைப் புரட்டிவிட்டு இரண்டு கேள்விகளை எழுப்பினார். விற்பனை ரூ.1,32,600 என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்க, அதே மூன்று மாதங்களில் வரவு ரூ.96,549.40 மட்டுமே இருப்பது ஏன் என்பது முதல் கேள்வி. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் குறைவாக இருந்த வரவு மார்ச்சில் திடீரென இரட்டிப்பானது எப்படி என்பது இரண்டாவது. இரண்டுக்கும் காரணம் நான் விற்கும் தளத்தின் பட்டுவாடா முறைதான் என்பதால், அதனை முதலில் கூறிவிட்டுக் கணக்கிற்கு வருகிறேன்.

நான் திருமண அழைப்பிதழ், பொங்கல் வாழ்த்து, கோயில் விழாச் சுவரொட்டி போன்றவற்றை வடிவமைத்து, ஒரு தளத்தின் வழியாக அச்சகங்களுக்கும் தனிநபர்களுக்கும் விற்கிறேன். வாங்குபவர்களில் பெரும்பாலோர் ராயபுரம், பாரிமுனை, திருவொற்றியூர் பகுதிகளிலுள்ள அச்சகத்தார். ஏற்கெனவே வரைந்து வைத்த மாதிரி வடிவங்களை விற்பது ஒரு வகை; ஒருவருக்காகத் தனியாக வரைந்து தருவது இன்னொரு வகை. மாதிரி வடிவத்திற்கு வாங்கிய நாளும், தனிப்பணிக்கு வாடிக்கையாளர் இறுதிக் கோப்பை ஏற்றுக்கொண்ட நாளும் விற்பனை நாளாகக் கணக்கிடப்படுகின்றன.

வாடிக்கையாளர் செலுத்தும் பணம் உடனே என்னிடம் வந்து சேர்வதில்லை. மாதிரி வடிவமானால் 7 நாட்களும் தனிப்பணியானால் 14 நாட்களும் தளம் அதனை நிறுத்திவைக்கிறது. அந்தக் காலத்திற்குள் வாடிக்கையாளர் முறையிட்டால் பணத்தைத் திருப்பித் தர வசதியாக இருக்கவேண்டும் என்பதே இதன் நோக்கம். நிறுத்திவைப்பு முடிந்த தொகைகளை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் புதன்கிழமை இரவு வரை தொகுத்து, அவ்வார வெள்ளிக்கிழமை என் கணக்கிற்கு அனுப்புகிறார்கள். தொகுத்த தொகை ரூ.5,000-க்குக் குறைந்தால் அனுப்பாமல் அடுத்த முறைக்குத் தள்ளிவைக்கிறார்கள். இவ்வாறு காத்திருக்கும் பணம் தளத்தின் சொந்தப் பணத்துடன் கலப்பதில்லை. பணப்பரிமாற்ற இடைநிலையாளர்களுக்காக இந்திய ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி அது ஓர் எஸ்க்ரோ கணக்கில் தனியே வைக்கப்படுகிறது. பாஸ்புக்கில் வரவுக்கு எதிரே எந்த வாடிக்கையாளர் பெயரும் இல்லாமல் ஒரே நிறுவனத்தின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வருவதும் இதனால்தான்.

பிடித்தம் மூன்று வகைப்படும். மொத்த விற்பனையில் 15 சதவீதம் தளக் கட்டணம். அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் அனுப்புக் கட்டணம் ரூ.10-உம் அதற்கான ஜி.எஸ்.டி. ரூ.1.80-உம். தளக் கட்டணம் 15 சதவீதம் என்று சொல்லப்பட்டாலும் வரியுடன் சேர்த்து விற்பனையில் 17.7 சதவீதம் கழிகிறது. என் ஆண்டு விற்பனை சேவைகளுக்கான ரூ.20 லட்சம் வரம்பிற்கு மிகவும் கீழே இருப்பதால் நான் ஜி.எஸ்.டி. பதிவு பெறவில்லை, எனவே இந்த வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெறவும் வழியில்லை, அதனை முழுச் செலவாகவே கொண்டிருக்கிறேன்.

ஆறு பட்டுவாடாக்களின் விவரம் கீழே உள்ளது. தொகைகள் ரூபாயில்.

| அனுப்பிய நாள் | மொத்த விற்பனை | தளக் கட்டணம் | கட்டணத்தின் மீது ஜி.எஸ்.டி. | அனுப்புக் கட்டணம் | வங்கி வரவு | வரவான நாள் |
|---|---|---|---|---|---|---|
| 17.01.2025 | 6,200 | 930 | 167.40 | 11.80 | 5,090.80 | 17.01.2025 |
| 31.01.2025 | 21,400 | 3,210 | 577.80 | 11.80 | 17,600.40 | 31.01.2025 |
| 14.02.2025 | 28,600 | 4,290 | 772.20 | 11.80 | 23,526.00 | 14.02.2025 |
| 28.02.2025 | 24,900 | 3,735 | 672.30 | 11.80 | 20,480.90 | 01.03.2025 |
| 14.03.2025 | 19,500 | 2,925 | 526.50 | 11.80 | 16,036.70 | 14.03.2025 |
| 28.03.2025 | 16,800 | 2,520 | 453.60 | 11.80 | 13,814.60 | 28.03.2025 |
| கூடுதல் | 1,17,400 | 17,610 | 3,169.80 | 70.80 | 96,549.40 | |

ஜனவரி 3-ஆம் தேதியும் பட்டுவாடா நாள்தான். ஆனால் மார்கழியில் திருமணம் இல்லை, அழைப்பிதழ் வேலையும் இல்லை; அன்று தொகுத்த தொகை ரூ.5,000-ஐத் தொடாததால் அது 17-ஆம் தேதிப் பட்டுவாடாவில் சேர்ந்தது. அந்த ரூ.6,200-இல் ரூ.2,800 டிசம்பர் மாத விற்பனை. பொங்கலுக்காக அச்சகத்தார் வாங்கிய வாழ்த்துப் பலகை வடிவங்களின் பணம், பண்டிகை முடிந்து இரண்டு வாரங்களுக்கு மேல் கழித்து, ஜனவரி 31 அன்றுதான் வந்தது. பட்டியலில் மிகப் பெரிய தொகையான ரூ.28,600 தை முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ்களால் ஆனது.

மார்ச் 14-ஆம் தேதிப் பட்டுவாடாவில் முதலில் ரூ.22,500 இருந்தது. அதில் ரூ.3,000 மதிப்புள்ள ஒரு தனிப்பணியை, திருமணம் தள்ளிப்போனதால், நிறுத்திவைப்புக் காலத்திற்குள்ளேயே வாடிக்கையாளர் ரத்து செய்துவிட்டார். பணம் அவருக்கு முழுமையாகத் திரும்பியது. அந்த விற்பனைக்குத் தளம் கட்டணம் எடுக்கவில்லை. ஆகவே அதனைச் சேர்க்காமல் ரூ.19,500 என்றே காட்டியுள்ளேன். மூன்று மாதங்களில் திரும்பிய தொகை இது ஒன்றே. அதே பட்டுவாடாவில் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் மாசிப் பெருவிழாவுக்காக ஓர் அச்சகம் கேட்ட சுவரொட்டி வேலைகளும் அடங்கும்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை செய்த விற்பனை ரூ.1,32,600. இதற்கும் வரவான ரூ.96,549.40-க்கும் இடையிலுள்ள வித்தியாசம் ரூ.36,050.60. அதில் ரூ.20,850.60 மேலே கண்ட பிடித்தங்கள். இது செலவு, திரும்பி வராது. எஞ்சிய ரூ.15,200 செலவன்று, காலத் தாமதம் மட்டுமே. மார்ச் இறுதியில் விற்று, நிறுத்திவைப்பில் இருந்தபடியே நிதியாண்டைக் கடந்த ரூ.18,000-இலிருந்து, டிசம்பரில் விற்று ஜனவரியில் வந்த ரூ.2,800-ஐக் கழித்தால் கிடைப்பது இத்தொகை. அந்த ரூ.18,000, ஏப்ரல் தொடக்கத்தில் விற்ற ரூ.2,000-உடன் சேர்ந்து, மொத்தம் ரூ.20,000-இல் கட்டணம் ரூ.3,000, ஜி.எஸ்.டி. ரூ.540, அனுப்புக் கட்டணம் ரூ.11.80 ஆகியவை போக ரூ.16,448.20 ஆக ஏப்ரல் 11 அன்று வரவாகியுள்ளது. மார்ச் 26-க்குப் பிறகு அந்த மாதத்தில் ஒப்புதல் பெற்ற தனிப்பணி எதுவும் இல்லாததால், மார்ச் மாதப் பணம் எதுவும் இப்போது தளத்தில் நிலுவையில் இல்லை.

இரண்டாவது கேள்விதான் சற்று முக்கியமானது. அதற்கான விடை எனக்குச் சாதகமாகவும் இல்லை. பிப்ரவரி 28 வெள்ளிக்கிழமை நள்ளிரவை ஒட்டி அனுப்பப்பட்ட தொகை, மார்ச் 1 அதிகாலையில் என் கணக்கில் ஏறியது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் விடுமுறை நாட்களிலும் இருபத்து நான்கு மணி நேரமும் அரை மணிக்கு ஒரு தொகுதியாக இயங்குவதால், பெரும்பாலும் அனுப்பிய அன்றே வரவாகிவிடும். அந்த ஒரு முறை நேரம் தேதியைக் கடந்துவிட்டது. விளைவாக பாஸ்புக்கில் பிப்ரவரிக்கு ஒரு வரவும் மார்ச்சுக்கு மூன்று வரவுகளும் தெரிகின்றன. மாதவாரியாகப் பார்த்தால் வரவு ஜனவரியில் ரூ.22,691.20, பிப்ரவரியில் ரூ.23,526.00, மார்ச்சில் ரூ.50,332.20. ஆனால் விற்பனை ஜனவரியில் ரூ.48,900, பிப்ரவரியில் ரூ.45,200, மார்ச்சில் ரூ.38,500. பாஸ்புக்கை மட்டும் பார்ப்பவருக்குத் தொழில் ஏறிக்கொண்டே போவதாகத் தோன்றும். உண்மையில் தையில் உச்சத்தைத் தொட்டு அதன்பின் இறங்கியது. மார்ச் மாத வரவை அடிப்படையாக வைத்து என் திருப்பிச் செலுத்தும் திறனைக் கணக்கிட்டால், அது நடைமுறைக்குப் பொருந்தாத அளவுக்கு உயர்வாக அமைந்துவிடும். ஆடி மாதத்திலும் மார்கழியைப் போலவே வேலை மெலிவது வழக்கம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது முறை.

வருமான வரிப் பிடித்தம் அட்டவணையில் இல்லாததற்கும் காரணம் உண்டு. மின்வணிகத் தளங்கள் விற்பவரின் மொத்த விற்பனையின் மீது பிரிவு 194-ஓ-இன்படி வரி பிடிக்கவேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் அதன் வீதம் 0.1 சதவீதம். விற்பவர் தனிநபராக இருந்து, பான் அல்லது ஆதார் எண்ணை அளித்து, அத்தளத்தின் வழியான ஆண்டு விற்பனை ரூ.5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பிடித்தம் தேவையில்லை. 2024-25 நிதியாண்டில் என் மொத்த விற்பனை ரூ.3,86,400, பான் எண்ணும் பதிவில் உள்ளது. வருமான வரிக் கணக்கில் நான் காட்டவிருப்பதும் இந்த மொத்த விற்பனையைத்தான், வங்கியில் ஏறிய நிகரத் தொகையை அன்று. எனவே தங்கள் கோப்பிலுள்ள பாஸ்புக் நகலும் பின்னர் நான் அளிக்கும் வரிக் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாதது போலத் தெரியக்கூடும். இரண்டையும் இணைப்பது மேலே உள்ள கணக்கு.

தெரிந்தவர்கள் நேரில் கொடுத்துச் செய்துகொள்ளும் சில்லறை வேலைகளின் ரொக்கம் இதில் சேரவில்லை. ஆதாரம் காட்ட இயலாத அத்தொகையைக் கடனுக்கான வருமானமாகக் கருதும்படி நான் கேட்கவுமில்லை.

தகுதியைக் கணக்கிடும்போது எந்த ஒரு மாதத்தையும் தனியே எடுக்காமல், மூன்று மாத வரவின் சராசரியான ரூ.32,183-ஐயோ, ஆண்டு விற்பனையில் பிடித்தம் போக எஞ்சும் தொகையையோ அடிப்படையாகக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டில் குறைவாக இருப்பதை எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பட்டுவாடா பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை வருவதால் அதன் தேதி மாதந்தோறும் நகர்கிறது. ஆயினும் ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதிக்குள் ஒரு பட்டுவாடா நாள் கட்டாயம் வந்துவிடும் என்பதால், மாதத் தவணையை 16-ஆம் தேதி எடுத்துக்கொள்ளும்படி அமைத்தால் கணக்கில் இருப்பு இல்லாமல் திரும்பும் நிலையைத் தவிர்க்கலாம்.

ஆறு பட்டுவாடாக்களுக்கும் ஏப்ரல் 11-ஆம் தேதிக்கும் தளம் அளித்த பட்டுவாடாச் சீட்டுகள், தளக் கட்டணத்திற்கான ஜி.எஸ்.டி. விலைச்சீட்டுகள், ரத்தான தனிப்பணிக்கான பணத் திருப்பல் அறிவிப்பு ஆகியவற்றின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சீட்டிலும் உள்ள யு.டி.ஆர். எண்ணைத் தங்கள் கிளையின் பதிவுடன் ஒப்பிட்டுக்கொள்ளலாம். மூலச் சீட்டுகளைத் தளத்திலிருந்து நேரடியாகத் திறந்து காட்டவேண்டுமெனில், அலுவலர் குறிப்பிடும் நாளில் கிளைக்கு வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்