படிப்பை மருத்துவக் காரணத்தால் இடைநிறுத்தவும், கட்டிய கட்டணத்தை வரவு வைக்கவும் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்
மு. முருகேசன்,
(மாணவி மு. கவிதாவின் தந்தை)
இரண்டாம் ஆண்டு இ.சி.இ., 'ஆ' பிரிவு, வரிசை எண் 27,
பொள்ளாச்சி.

பெறுநர்
உயர்திரு முதல்வர் அவர்கள்,
துறைத் தலைவர் (இ.சி.இ.) வழியாக.

நாள்: 06.10.2025

பொருள்: மூன்றாம் பருவத்தை 03.09.2025 முதல் மருத்துவக் காரணத்தால் இடைநிறுத்த அனுமதியும், 2025-26 கட்டணத்தை 2026-27 கல்வியாண்டுக்கு வரவு வைத்தலும், விடுதித் தொகையைத் திருப்பித் தருதலும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகள் கவிதா 03.09.2025 முதல் வகுப்புக்கு வரவில்லை. கை, கால் தசைகளின் பலம் படிப்படியாகக் குறைந்ததால் 05.09.2025 அன்று கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 29.09.2025 வரை உள்நோயாளியாக இருந்தார். நரம்புக் கடத்தல் பரிசோதனையும் முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனையும் செய்து, அவருக்கு இருப்பது கில்லன்-பாரே நோய் என மருத்துவர்கள் உறுதி செய்தனர். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் ஊசி ஏற்றப்பட்டது. மூச்சுத் திணறல் வரக்கூடும் என்பதால் முதல் ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தனர். இப்போது தாங்கிப் பிடித்தால் நிற்கிறார்; பேனா பிடித்து எழுத விரல்களில் இன்னும் பலம் இல்லை. குறைந்தது ஆறு மாதம் இயன்முறைச் சிகிச்சை தேவை என நரம்பியல் மருத்துவர் சான்று அளித்துள்ளார்.

கோப்பில் ஒரு முரண் தெரியும் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 03.09.2025 அன்று வகுப்பு ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சான்றில் "வைரஸ் காய்ச்சல், ஐந்து நாள் ஓய்வு" என்று இருக்கிறது. பரிசோதனைகள் நடக்கும் முன் உள்ளூர் மருத்துவர் எழுதியது அது. அதைத் தள்ளிவிட்டு, 29.09.2025 தேதியிட்ட டிஸ்சார்ஜ் சம்மரியையும் 03.10.2025 தேதியிட்ட நரம்பியல் மருத்துவர் சான்றையும் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். சிகிச்சை அரசு மருத்துவமனையில் நடந்ததால் பில்லோ கட்டண ரசீதோ கிடையாது. கணக்குப் பிரிவு ரசீது கேட்டால், உள்நோயாளி எண்ணும் சேர்ந்த நாளும் விடுவித்த நாளும் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே இருப்பதைப் பார்க்கலாம்.

மருத்துவ விடுப்பாக எடுத்துக்கொண்டு வருகைக் குறைவை மன்னிக்கும்படி நான் கேட்கவில்லை. இந்தப் பருவத்தில் 90 வேலை நாட்கள். கவிதா வந்தது 36 நாள், அதாவது 40 விழுக்காடு. தேர்வு எழுத 75 விழுக்காடு தேவை, மருத்துவக் காரணத்துக்குக் கிடைக்கும் சலுகை 65 விழுக்காட்டோடு நின்றுவிடும். இனி ஒரு நாள்கூட வர வழியில்லாத நிலையில் அந்தச் சலுகை அவருக்கு எட்டாது. இப்படியே விட்டால் வருகைக் குறைவால் நிறுத்தப்பட்டவர் என்று பதிவாகிவிடும். அண்ணா பல்கலைக்கழக விதிகளின்படி, நீண்ட நோய்க்காக முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற்ற இடைநிறுத்தம் அதிலிருந்து வேறுபட்டது. அதற்கான விண்ணப்பத்தைப் பருவத் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்குள் கொடுக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் அந்த நாள் 17.10.2025 என உள்ளதால், அதற்கு முன் தங்கள் பரிந்துரையுடன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி உதவ வேண்டுகிறேன். நவம்பர்-டிசம்பர் தேர்வுப் பட்டியலில் கவிதா பெயர் சேராமல் பார்த்துக்கொள்ளவும் கேட்டுக்கொள்கிறேன். சேர்ந்தால் எல்லாத் தாளிலும் 'ஆப்சென்ட்' விழும். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வின் மதிப்பெண்ணை நாங்கள் கோரவில்லை. 2026 ஜூலையில் மூன்றாம் பருவத்தை முதலிலிருந்து படிப்பார். அப்போது நடைமுறையில் உள்ள பாடத்திட்டமும் விதிகளும் எங்களுக்குச் சம்மதம்.

இனி கட்டணம். இந்த ஆண்டுக்குக் கல்விக் கட்டணம் ரூ.55,000, பயிற்சிக் கட்டணம் ரூ.6,000, விடுதி அறை வாடகை ரூ.18,000, உணவுக் கட்டணம் ரூ.36,000, ஆக மொத்தம் ரூ.1,15,000 கட்டப்பட்டுள்ளது.

கல்விக் கட்டணத்தைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பிலுள்ள விழுக்காட்டு அட்டவணையைக் காட்டி நான் உரிமை கேட்கவில்லை. அது சேர்க்கையின் கடைசி நாளை வைத்துக் கணக்கிடுவது. நடுவில் நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவிக்கு நேராகப் பொருந்தாது. கவிதா கல்லூரியை விட்டுப் போகவில்லை, அதே இடத்துக்குத்தான் திரும்பி வருகிறார். ஆகவே ரூ.55,000-ஐயும் 2026-27க்கு வரவு வைக்க வேண்டுகிறேன். மூன்றாம் பருவத்தில் ஏழு வாரம் வகுப்பு நடந்துவிட்டதே என்று நிர்வாகம் கருதினால், தொடங்கவே தொடங்காத நான்காம் பருவத்துக்கான ரூ.27,500-ஐயாவது வரவு வைக்க வேண்டும். பயிற்சி வகுப்புகளும் நான்காம் பருவத்தில்தான் தொடங்குகின்றன என்பதால் அந்த ரூ.6,000-ஐயும் வரவில் சேர்க்க வேண்டுகிறேன்.

உணவுக் கட்டணம் 300 நாளுக்கு, நாளொன்றுக்கு ரூ.120. கவிதா விடுதியில் சாப்பிட்டது 13.07.2025 முதல் 02.09.2025 வரை, 52 நாள், ரூ.6,240. மீதி ரூ.29,760. அறையைக் காலி செய்தது 09.09.2025 அன்றுதான், காலி செய்த நாளுக்கு முந்தைய நாள் வரை கணக்கிடுவதே விடுதி வழக்கம் என்றால் 58 நாள் ஆகும், மீதி ரூ.29,040. எதை ஏற்றாலும் எனக்குச் சம்மதம். அறை வாடகையில் இரண்டாம் பாதியான ரூ.9,000-ஐயும், முதலாண்டில் கட்டிய விடுதி முன்வைப்புத் தொகை ரூ.5,000-ஐயும் சேர்த்து, 52 நாள் கணக்கில் ரூ.43,760 திருப்பித் தர வேண்டும். இந்த ஆண்டின் முதல் பாதி வாடகையைக் கேட்கவில்லை.

பணம் எங்கே போக வேண்டும் என்பதில் கவனம் தேவை. கல்விக் கட்டணம் ரூ.55,000-ஐ வங்கி கல்விக் கடனிலிருந்து நேராகக் கல்லூரிக் கணக்குக்கு அனுப்பியது. அதில் எந்தப் பகுதியைத் திருப்பினாலும் கடன் கணக்குக்கே அனுப்ப வேண்டும். என் கையில் கொடுத்தால் வங்கியில் சிக்கல் வரும். பயிற்சிக் கட்டணமும் விடுதித் தொகையும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து போனவை. விடுதித் தொகையை அதே கணக்குக்குத் திருப்பலாம். படிப்பு ஓராண்டு நீள்வதால் கடன் திருப்பும் தவணை தொடங்கும் நாளையும் வங்கி தள்ளி வைக்க வேண்டும். அதற்கு, அனுமதி பெற்ற இடைநிறுத்தம் என்றும் மீண்டும் சேரும் பருவம் எது என்றும் குறிப்பிட்டுக் கல்லூரியின் கடிதம் ஒன்று தந்து உதவுங்கள்.

கவிதாவுக்கு 19 வயது ஆகிவிட்டதால் அவருடைய சம்மதமும் தேவை. கையெழுத்திட முடியாததால் மருத்துவர் முன்னிலையில் இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார். நோயின் பெயரை வகுப்புக் குழுவிலோ அறிவிப்பிலோ வெளியிட வேண்டாம் என்பது அவர் விருப்பம். மீண்டும் சேரும்போது உடற்தகுதிச் சான்று கொடுப்போம். இரண்டாம் மாடி ஆய்வகத்துக்கு ஏற முடியுமா என்பதை அப்போதுதான் சொல்ல முடியும்.

முடிவை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மு. முருகேசன்

மேற்கண்டவற்றைப் படித்துக் காட்டக் கேட்டேன், எனக்குச் சம்மதம்.
மு. கவிதா (இடது பெருவிரல் ரேகை, மருத்துவர் சான்றொப்பத்துடன்)

இணைப்பு:
1. டிஸ்சார்ஜ் சம்மரி நகல் (அசல் சரிபார்ப்புக்குக் காட்டப்படும்)
2. நரம்பியல் மருத்துவர் சான்று, பதிவு எண், முத்திரையுடன் – அசல்
3. நரம்புக் கடத்தல், தண்டுநீர்ப் பரிசோதனை முடிவுகள் – நகல்
4. கட்டண ரசீதுகள் நான்கும், விடுதி முன்வைப்பு ரசீதும் – நகல்
5. அறை காலி செய்ததற்கு விடுதிக் காப்பாளர் கையொப்பமிட்ட சீட்டு
6. கல்விக் கடன் அனுமதிக் கடிதம், இரு கணக்குப் புத்தகங்களின் முதல் பக்கம் – நகல்

நகல்: விடுதிக் காப்பாளர், கணக்குப் பிரிவு (மருத்துவ இணைப்புகள் நீங்கலாக)