உங்கள் 28 அடி படகின் மதிப்பீடு கூடியது பற்றி

மண்டபம்
12 பிப்ரவரி 2026

அன்புள்ள அந்தோணி அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று போனில் புதுத் தொகையைச் சொன்னதும் நீங்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஐயாயிரம் பத்தாயிரம் கூடும்னுதான் நினைச்சேன் தம்பி, லட்சத்துக்கு மேல எப்படிப் போச்சு?" என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பட்டறைச் சத்தத்தில் நின்றுகொண்டு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எழுதுகிறேன். அண்ணியையும் உங்கள் மைத்துனரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பக்கச் சுவரை அரை அடி உயர்த்தச் சொல்லி ஜனவரி கடைசியில் போன் செய்தீர்கள். "சரிண்ணே, செஞ்சிரலாம்" என்று சொல்லிவிட்டு மறுநாளே ஆளை இறக்கினேன். என்ன ஆகும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் எஞ்சினை உள்ளே வைக்கலாமா என்று கேட்டீர்கள், அதற்கப்புறம் ஐஸ் பெட்டி கேட்டீர்கள். அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன். மூன்றும் சேர்ந்து எவ்வளவு வரும் என்று நேற்றுதான் சொன்னேன். உங்களுக்குத் திடுக்கென்று இருந்ததற்கு நான்தான் காரணம். அதற்காக எந்தெந்தக் கூலியை நான் ஏற்கிறேன் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

நவம்பரில் நாம் பேசி எழுதியது 28 அடி நீளம், 7 அடி அகலம், பின்பலகையில் அவுட்போர்டு மாட்டும் வசதி, உள்ளே திறந்த தளம், எஞ்சின் நீங்களே வாங்கிக்கொள்வது. மொத்தம் 2,40,000 ரூபாய். அதில் 1,60,000 கொடுத்துவிட்டீர்கள். நண்டு வலைக்கு வடகடலில் கரையை ஒட்டிப் போய்வர அந்தப் படகு போதும். இப்போது மைத்துனரோடு சேர்ந்து தென்கடலுக்குப் போகவும், கச்சான் காலத்திலும் தொழில் பார்க்கவும் முடிவு செய்திருக்கிறீர்கள். அந்தக் காற்றுக்கு முதலில் பேசிய உயரம் பத்தாது. நீங்கள் கேட்ட மாற்றம் நியாயமானது, நானாக இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். ஆனால் நீங்கள் கேட்டபோது படகின் உடம்பு முழுக்கப் போட்டு முடிந்து, மோல்டை விட்டு வெளியே வந்து, மேல் ஓரத்து மரச்சட்டமும் ஏறியிருந்தது. தொகை இவ்வளவு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பைபர் வேலையில் ஒரு விஷயம் இருக்கிறது. கண்ணாடி நார் மேட்டை விரித்து ரெசின் பூசி, அது இறுகி முடிவதற்குள் அடுத்த அடுக்கைப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து ஒரே உடம்பாகப் பிடித்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்து நாளாகிவிட்டால் அப்படிப் பிடிக்காது. வழவழவென்று இருக்கும் மேல்பரப்பைக் கிரைண்டர் போட்டுத் தேய்த்து, உள்ளே இருக்கும் நார் வெள்ளையாகத் தெரியும்வரை கொண்டுபோக வேண்டும். தூசியைத் துடைத்து, அசிட்டோன் போட்டு எண்ணெய்ப் பசை போக வைத்து, பழைய சுவர்மேல் உள்ளும் புறமும் நாலு விரல் ஏறுமாறு புது அடுக்குகளைப் போட வேண்டும். தேய்க்காமல் மேலே ஒட்டினாலும் பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கடலில் ஆறு மாதம் அலை தட்டினால் அந்த ஒட்டு தோல் உரிவது மாதிரி உரிந்து வந்துவிடும். அதனால்தான் இரண்டு பேர் இரண்டு நாள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு உங்கள் படகைச் சுற்றித் தேய்த்தார்கள்.

மோல்டில் இருக்கும்போதே சொல்லியிருந்தால் மேலே ஒரு பலகைச் சட்டம் கட்டி, சுவரை ஒரே வீச்சில் உயர்த்தியிருப்பேன். ஏறத்தாழ 14,000 ரூபாயில் முடிந்திருக்கும். இப்போது மேட், ரெசின், ஜெல் கோட், கேட்டலிஸ்ட் எல்லாம் சேர்த்து 11,200. ஏற்றிய மரச்சட்டத்தை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது, திரும்பப் போட முடியாது. புதுச் சட்டத்துக்கு 6,500. கூலி 7,200. ஆக 24,900 வருகிறது. தேய்த்த கூலி 3,600-ஐ இதில் சேர்க்கவில்லை. கேட்காமல் ஆளை இறக்கியது நான், அது என் கணக்கு.

தொகை அதிகமாக ஏறியது எஞ்சினை உள்ளே வைப்பதில்தான். அவுட்போர்டு என்றால் பின்பலகையில் தொங்கும், படகுக்கு வேறு வேலை இல்லை. டீசல் எஞ்சின் உள்ளே உட்கார்ந்தால் அதன் எடையும் அதிர்வும் நேராக அடிப்பாகத்துக்குப் போகும். அதற்கு நீளவாக்கில் இரண்டு கட்டைகளை வைத்து, மேலே பைபர் போர்த்தி எஞ்சின் படுக்கை கட்ட வேண்டும். அதற்கு 14,500. படுக்கைக்குக் கீழே அடிப்பாகத்தில் கூடுதலாக இரண்டு அடுக்கு போட 9,800. ஸ்டெர்ன் டியூப், சாஃப்ட், புரொப்பெல்லர் மூன்றும் லேத் பட்டறையில் செய்து வர 31,000. சுக்கானும் அதன் கைப்பிடியும் 9,500. எஞ்சினும் சாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ஓட ஓட ஆட்டம் எடுக்கும், தண்ணீரும் உள்ளே வரும். அதைப் பார்க்க மெக்கானிக் ஒருவர் வர வேண்டும். அவர் கூலியும் எங்கள் ஆட்கள் கூலியும் 12,000. மொத்தம் 76,800. அவுட்போர்டுக்காகப் பின்பலகையில் செய்ய இருந்த மீதி வேலை இனி தேவையில்லை, அதற்கு 4,000 கழித்துவிட்டேன். எஞ்சின் பக்கம் 72,800.

ஐஸ் பெட்டி 4 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம். சுற்றிலும் மூன்று அங்குலம் பஃப் பலகை வைத்து, இரண்டு பக்கமும் பைபர் போர்த்த வேண்டும். உள்ளளவு சுமார் 370 லிட்டர் வரும். தண்ணீர் வடியும் குழாயும் மூடியும் சேர்த்து 21,500.

மூன்றும் கூட்டினால் 1,19,200. பழைய 2,40,000 உடன் சேர்த்து 3,59,200 ரூபாய். நீங்கள் கொடுத்தது போக மீதி 1,99,200.

இதில் தாமதமாகச் சொன்னதால் மட்டும் ஏறியது, என் கணக்கில், பத்தாயிரத்துச் சொச்சம்தான். மிச்சம் எல்லாம் புதிதாகச் சேர்ந்த பொருளும் வேலையும். நவம்பரிலேயே கேட்டிருந்தாலும் அது வந்திருக்கும். நடுவில் ரெசின் விலையும் ஏறியது. முதல் ஒப்பந்தத்துக்கான ரெசினைப் பழைய விலையிலேயே வைத்திருக்கிறேன். கூடுதல் வேலைக்கு மட்டும் இன்றைய விலை போட்டிருக்கிறேன்.

வேறொரு பட்டறையில் இதே அளவை மூன்று லட்சத்துக்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள் என்றீர்கள். நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அங்கே போனால் இரண்டே கேள்வி கேளுங்கள்: அடிப்பாகத்தில் எத்தனை அடுக்கு, எஞ்சின் படுக்கைக்குக் கீழே எத்தனை அடுக்கு. தொகையைக் குறைக்க மிகச் சுலபமான இடம் அதுதான். ஒரு அடுக்கு குறைந்தால் கரையில் நிற்கும்போது யாருக்கும் தெரியாது. நான் அதைச் செய்ய மாட்டேன் அண்ணே, அந்தப் படகில் நீங்களும் மைத்துனரும்தான் போகிறீர்கள். ஸ்டெர்ன் டியூப்புக்குத் துளை போடும்போது வட்டமாக ஒரு துண்டு வெட்டி வரும். அதை எடுத்து வைக்கிறேன். ஓரத்தைப் பார்த்து அடுக்கை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

உங்கள் கடன் 2,40,000-க்குத்தான் போட்டது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எஞ்சின் படுக்கை வேலையை இன்னும் தொடவில்லை, லேத்துக்கும் ஆர்டர் கொடுக்கவில்லை. அவுட்போர்டே போதும், ஐஸ் பெட்டியும் வேண்டாம் என்றால் உயர்த்திய சுவரோடு 2,64,900-ல் முடியும். பின்பலகை வேலை அப்போது தேவைப்படும், அந்த 4,000 கழிவு இதில் வராது. எஞ்சின் உள்ளே இருக்கட்டும், பெட்டி மட்டும் பிறகு பார்க்கலாம் என்றால் 3,37,700. என்னைக் கேட்டால் இதுதான் சரி. ஐஸ் பெட்டியைத் தனியாக வாங்கி வைத்துக்கூட இந்த வருஷம் ஓட்டிவிடலாம். எஞ்சின் படுக்கையைத் தளம் போட்ட பிறகு செய்வதென்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், அப்போது இதைவிடக் கூடுதலாகப் போகும். சுவர் உயரமே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் சொல்லுங்கள். தேய்த்த இடத்தை என் செலவிலேயே மூடி, சட்டமும் புதிதாகப் போட்டு, பழைய தொகைக்கே தருகிறேன். ஆனால் தென்கடல் எண்ணம் இருந்தால் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

மூன்று மாற்றமும் வேண்டும் என்றால் இப்போது 60,000 கொடுங்கள், லேத்துக்கும் மேட்டுக்கும் அது வேண்டும். படகை இறக்கும் அன்று 1,00,000. மீதி 39,200-ஐ இறக்கிய இரண்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும். பெட்டியை விட்டால் அந்தக் கடைசித் தவணையில் 21,500 கழிந்து 17,700 ஆகிவிடும். வட்டி கிட்டி எதுவும் இல்லை.

நாள் கணக்கும் மாறுகிறது. பிப்ரவரி கடைசியில் தருவதாகச் சொன்னது மார்ச் 25 ஆகும். புது அடுக்குகள் நன்றாக இறுக வேண்டும். விடிகாலையில் கடல் ஈரம் இறங்கும்போது ரெசின் வேலை செய்ய மாட்டேன், வெயில் ஏறிய பிறகுதான் செய்வோம். அவசரப்பட்டு நாளைக் குறைக்கச் சொல்லாதீர்கள். கச்சான் எழும்புவதற்கு முன் படகு உங்கள் கையில் இருக்கும்.

இன்னொன்று. பதிவுக்குக் கொடுத்த தாளில் அவுட்போர்டு என்று எழுதியிருக்கிறோம். டீசல் எஞ்சின் வாங்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தாளில் என்ன திருத்த வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். அளவு விவரத்தை நான் எழுதித் தருகிறேன்.

18-ஆம் தேதிக்குள் எது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதுவரை உங்கள் படகில் யாரும் கை வைக்க மாட்டார்கள், மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தங்கச்சிமடத்திலிருந்து மைத்துனரோடு பஸ் ஏறி வாருங்கள். தேய்த்த சுவரையும் அறுத்தெடுத்த பழைய சட்டத்தையும் காட்டுகிறேன், கணக்கு நோட்டும் மேசையில் இருக்கும். இனிமேல் நீங்கள் எந்த மாற்றம் கேட்டாலும் தொகையை எழுதிக் கொடுத்து, நீங்கள் சரி என்ற பிறகுதான் வேலையைத் தொடுவேன்.

இப்படிக்கு,
முனியசாமி
பைபர் படகுப் பட்டறை, மண்டபம்