உங்கள் ஈசாப் ஒதுக்கீடு: வெஸ்டிங், எக்சர்சைஸ், வேலையை விட்டால் என்ன ஆகும்

8 ஜூலை 2025

அன்புள்ள கவிதா,

ஈசாப் என்ற ஊழியர் பங்குத் திட்டத்தில் உங்களுக்கு ஆப்ஷன் ஒதுக்கும் ஜூலை 1ஆம் தேதியிட்ட கிராண்ட் கடிதம் உங்களுக்கு வந்திருக்கும். அதோடு இணைத்த திட்ட ஆவணம் நீளமானது, சட்ட மொழியில் இருப்பது. அதில் உங்களுக்குத் தேவையானதை இங்கே எழுதுகிறேன். இரண்டுக்கும் எங்காவது முரண்பாடு தெரிந்தால் திட்ட ஆவணமே செல்லும்.

உங்களுக்கு 2,400 ஆப்ஷன்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் நம் நிறுவனத்தின் ஒரு பங்கை 40 ரூபாய்க்கு வாங்கும் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்திப் பங்கை வாங்கும்வரை நீங்கள் பங்குதாரர் அல்ல. டிவிடெண்டும் வாக்குரிமையும் பங்கு உங்கள் பெயருக்கு வந்த பிறகுதான். ஆப்ஷனை யாருக்கும் மாற்றித் தரவோ அடகு வைக்கவோ முடியாது.

வெஸ்டிங்

இந்த உரிமை முழுவதும் உங்கள் கைக்கு வர, அதாவது வெஸ்ட் ஆக, நான்கு ஆண்டுகள் ஆகும். முதல் ஓராண்டில் எதுவும் வராது. கிராண்டுக்கும் வெஸ்டிங்குக்கும் குறைந்தது ஓராண்டு இடைவெளி வேண்டும் என்பது கம்பெனிச் சட்ட விதி. 1 ஜூலை 2026 அன்று 600 ஆப்ஷன்கள் மொத்தமாக வெஸ்ட் ஆகும். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதாவது அக்டோபர், ஜனவரி, ஏப்ரல், ஜூலை மாதங்களின் முதல் தேதியில், 150 வீதம் சேர்ந்து 1 ஜூலை 2029 அன்று கணக்கு முடியும். பேறுகால விடுப்பு இதைத் தடுக்காது. சம்பளமில்லா விடுப்பு 90 நாளைத் தாண்டினால், தாண்டிய நாட்கள் அளவுக்கு மீதித் தேதிகள் தள்ளிப்போகும்.

எக்சர்சைஸ்

வெஸ்ட் ஆன ஆப்ஷனைப் பயன்படுத்திப் பங்கை வாங்குவதுதான் எக்சர்சைஸ். வேலையில் இருக்கும்வரை அவசரமில்லை. ஒவ்வொரு தவணையும் வெஸ்ட் ஆன நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் படிவம் கொடுத்து, பங்குக்கு 40 ரூபாய் கட்டினால் போதும். பகுதி பகுதியாகவும் வாங்கலாம்.

வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். எக்சர்சைஸ் செய்யும் நாளில் பங்கின் சந்தை மதிப்புக்கும் 40 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் சம்பள வருமானத்தில் சேரும். அதற்கு நாங்கள் டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். நம் பங்கு பட்டியலிடப்படாதது என்பதால் அந்த மதிப்பை மெர்ச்சன்ட் பேங்கர் நிர்ணயிப்பார். சில ஸ்டார்ட்அப் ஊழியர்களுக்கு இந்த வரியைத் தள்ளிக் கட்டும் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழ் நம் நிறுவனத்திடம் இல்லை, ஆகவே நமக்குப் பொருந்தாது. பின்னாளில் பங்கை விற்றால் வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி தனி.

வேலையை விட்டால்

இந்தப் பகுதியைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ராஜினாமா செய்தால், வெஸ்ட் ஆகாதவை கடைசி வேலை நாளோடு போய்விடும். வெஸ்ட் ஆனவற்றுக்கு அந்த நாளிலிருந்து 90 நாள் அவகாசம். ஐந்து ஆண்டுச் சலுகை அதன்பின் கிடையாது. நோட்டீஸ் காலத்திலும் வெஸ்டிங் தொடரும்.

ஒரு கணக்கு பாருங்கள். உங்கள் கடைசி நாள் 31 டிசம்பர் 2027 என்று வைத்துக்கொள்வோம். அன்று வெஸ்ட் ஆகியிருப்பவை 1,350. மீதி 1,050 காலாவதி. ஒரே ஒரு நாள் கூடுதலாக, ஜனவரி 1 வரை இருந்திருந்தால் இன்னும் 150 கிடைத்திருக்கும். 1,350 பங்குகளுக்கு 54,000 ரூபாய் கட்ட வேண்டும். அப்போது மதிப்பு 240 ரூபாய் என்றால் வரிக்குரிய தொகை 2,70,000. நீங்கள் 30 சதவீத வரம்பில் இருந்தால், செஸ் சேர்த்து வரி 84,240 ரூபாய். ஆக 30 மார்ச் 2028க்குள் 1,38,240 ரூபாய் உங்கள் கையில் இருக்க வேண்டும். பங்கை விற்று அதைக் கட்டலாம் என்று எண்ண வேண்டாம். நம்முடையது பிரைவேட் லிமிடெட். உடனே வாங்க ஆள் இருப்பார் என்று சொல்ல முடியாது, நிறுவனமே திரும்ப வாங்கும் என்ற உறுதியும் திட்டத்தில் இல்லை. எனவே வேலை மாறும் யோசனை வந்தால், ராஜினாமாக் கடிதம் தருவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிய பங்குகள் வேலையை விட்ட பிறகும் உங்களுடையவையே.

ஒழுங்கு மீறலுக்காக நிறுவனம் நீக்கினால், வெஸ்ட் ஆகியும் வாங்காமல் வைத்திருப்பவை உட்பட எல்லா ஆப்ஷன்களும் ரத்தாகும். பணியில் இருக்கும்போது மரணமோ நிரந்தர இயலாமையோ நேர்ந்தால், மீதி அனைத்தும் அன்றே வெஸ்ட் ஆகும். நீங்களோ உங்கள் சட்டப்படியான வாரிசுகளோ 12 மாதங்களுக்குள் எக்சர்சைஸ் செய்யலாம். வீட்டாருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விடக்கூடாது. இந்தக் கடிதத்தின் நகலை அவர்களிடமும் கொடுத்து வையுங்கள்.

கிராண்ட் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டு, நாமினேஷன் படிவத்தோடு 31 ஜூலைக்குள் என்னிடம் கொடுங்கள். புரியாத இடம் இருந்தால் அதற்கு முன் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
மீனாட்சி
மனிதவளப் பிரிவு