சிகிச்சைக் கோப்பின் நகல் கேட்டு விண்ணப்பம்

குடியாத்தம்,
12.08.2024

அனுப்புநர்:
ச. கவிதா, க/பெ. சரவணன்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.
கோப்பு எண்: 2214

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
கருத்தரிப்பு மையம், வேலூர்.

பொருள்: வேறு மையத்தில் சிகிச்சையைத் தொடர, எங்கள் மருத்துவ ஆவணங்களின் நகல் கேட்டல்.

மதிப்புக்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். 2022 நவம்பர் முதல் உங்களிடம் சிகிச்சை பெற்று வருகிறோம். என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்துவிட்டதால் அடுத்த மாதம் அங்கே குடிபோகிறோம். ஸ்கேனுக்காக ஒருநாள் விட்டு ஒருநாள் வேலூர் வந்து போவது இனி முடியாது. அதனால்தான் சென்னையில் ஒரு மையத்துக்கு மாறுகிறோம். உங்கள் மீது மனவருத்தம் எதுவும் இல்லை.

வரவேற்பறையில் இரண்டு முறை கேட்டும் ஒரு பக்கச் சுருக்கம்தான் தருவோம் என்றார்கள். புதிய டாக்டருக்கு அது போதாதாம். 2 சுழற்சியிலும் எந்த ஊசி, எத்தனை நாள், என்ன அளவு என்ற சார்ட், ஃபாலிக்கிள் ஸ்கேன் அளவுகள், முட்டை எடுத்த அன்றைய குறிப்பு ஆகியவை வேண்டும். முக்கியமாக எம்பிரியாலஜி ரிப்போர்ட்: எத்தனை முட்டை முதிர்ந்தது, எத்தனை கருவானது, ஐந்தாம் நாள் தரம் என்ன, எந்தத் தேதியில் உறைய வைத்தது. கூடவே ஏஎம்ஹெச், கருக்குழாய் எக்ஸ்ரே, கணவரின் விந்துப் பரிசோதனை, நாங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்களின் நகலும் தர வேண்டுகிறேன். எங்களிடம் உள்ள ஸ்கேன் தாள்கள் வெயிலில் வெளுத்துப் போய்விட்டன. பிளாஸ்டிக் கவரில் வைத்தும் பயனில்லை, இப்போது வெறும் வெள்ளைத் தாள்தான்.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை. நகல் எடுக்கும் செலவைக் கட்டிவிடுகிறோம்.

உறைய வைத்துள்ள 2 கருக்களை இப்போது கேட்கவில்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றைக் கொண்டுபோக தேசிய வாரியத்தின் அனுமதி தேவை என்று தெரியும். அதைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறோம். அதுவரை அங்கேயே பத்திரமாக இருக்கட்டும். நவம்பர் வரை கட்டணம் கட்டிய ரசீதை இணைத்துள்ளேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து என் செல்லுக்கு மட்டும் பேசுங்கள். பதிவில் இருக்கும் இன்னொரு எண் என் மாமியாருடையது. வீட்டில் எல்லோருக்கும் இன்னும் சொல்லவில்லை. தபாலிலும் அனுப்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இருவரும் ஆதாருடன் நேரில் வந்து கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ச. கவிதா
மா. சரவணன்

இணைப்பு: ஆதார் நகல் 2, கட்டண ரசீது நகல் 1