பத்தாவது முடிந்தது, எந்த குரூப்?

1
ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்னால் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே ஸ்வைப் செய்யுங்கள்.

2. அறிவியல்
எம்.பி.பி.எஸ். வேண்டுமா? இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். அப்புறம் நீட். பொறியியல் என்றால் உயிரியல் இல்லாவிட்டாலும் சரி, கணிதம் வேண்டும்.

3
அறிவியலிலிருந்து பி.காம்., பி.ஏ. பக்கம் திரும்பலாம். வணிகவியலிலிருந்து மருத்துவத்துக்குத் தாவுவது கஷ்டம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று பலரும் அறிவியல் எடுப்பது இதனால்தான். ஆனால் இயற்பியல் கணக்கைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளைக்கு இரண்டு வருடமும் தண்டனை.

4. வணிகவியல்
பற்று, வரவு, இருப்புநிலைக் குறிப்பு. சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வை ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம். கணக்குப்பதிவியல் படித்தவருக்குத் தொடக்கம் எளிது. கணிதமும் சேர்ந்த பிரிவு கிடைத்தால் விடாதீர்கள்.

5. கலை
வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல். "மார்க் குறைஞ்சவங்களுக்கு" என்பது வெறும் பேச்சு. சட்டப் படிப்புக்கான கிளாட் எல்லா குரூப்புக்கும் பொது. சிவில் சர்வீஸ் தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும்.

6. இந்த வாரம்
பதினொன்றாம் வகுப்பு இயற்பியல், கணக்குப்பதிவியல், வரலாறு புத்தகங்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் முதல் பாடத்தைப் பிள்ளை தனியாகப் படிக்கட்டும். யாரும் சொல்லாமலே எந்தப் புத்தகத்தில் இரண்டாவது பாடத்துக்குப் போகிறாள் என்று கவனியுங்கள். அதுவரை விண்ணப்பத்தை நிரப்ப வேண்டாம்.