தொழில்வாண்மைப் பொறுப்புக் காப்புறுதிக்கான முன்மொழிவு: இணைப்பு விளக்கம்

திருகோணமலை
2025 மார்ச் 10

காப்புறுதி ஒப்புதல் பிரிவின் முகாமையாளர் அவர்களுக்கு,

2025 ஏப்ரல் 1 முதல் ஓராண்டுக்கான எமது முன்மொழிவுப் படிவத்தில் இடம் போதாத விடயங்களை இங்கே தருகின்றோம். ஒரு கோரிக்கைக்கும் ஆண்டு முழுவதற்கும் ரூபா 5 கோடி வரையறையைக் கோருகின்றோம். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 5 இலட்சத்தை நாமே ஏற்போம். 2019 ஏப்ரல் 1 முதல் இடைவெளியின்றிப் புதுப்பிக்கப்பட்டு வந்த நடப்புப் பத்திரம் இம்மாதம் 31ஆம் திகதி முடிவடைகிறது. கோரிக்கை எழுப்பப்படும் காலத்துப் பத்திரமே பொறுப்பேற்கும் வகைக் காப்புறுதி இது என்பதால், 2019 ஏப்ரல் 1 என்ற பின்னோக்கிய திகதி மாறாமல் தொடர்வது எமக்குக் கட்டணத்தின் அளவைவிட முக்கியமானது.

இரு பங்காளர்களும் பட்டயக் கட்டடக் கலைஞர்கள். வரைஞர் மூவரும் அலுவலக உதவியாளர் ஒருவரும் பணிபுரிகின்றனர். தொழிற்கட்டண வருமானம் 2023/24இல் ரூபா 1 கோடி 12 இலட்சம்; நடப்பாண்டில் 1 கோடி 30 இலட்சமாக அமையும் என மதிப்பிடுகிறோம். அதில் ஏறத்தாழ அரைப்பங்கு தனியார் வீடுகளிலிருந்தும், மூன்றிலொரு பங்கு உப்புவெளி, நிலாவெளிக் கரையோர விடுதிகளிலிருந்தும், எஞ்சியது பாடசாலைக் கட்டடங்கள், பழைய வீடுகளின் திருத்தம் ஆகியவற்றிலிருந்தும் கிடைக்கிறது. கையிலுள்ள மிகப் பெரிய வேலை நிலாவெளியில் எழும் நான்கு மாடி விடுதியாகும். அதன் நிர்மாணப் பெறுமதி ரூபா 38 கோடி. நிலக்கீழ்த் தளம், மண் ஆய்வு, கட்டமைப்புக் கணிப்பு ஆகியவற்றை நாம் ஏற்பதில்லை.

வீட்டு வாடிக்கையாளர்களில் கணிசமானோர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வசிப்பதால், படிவத்தின் வெளிநாட்டுப் பணி பற்றிய வினாவுக்கு ‘இல்லை’ என்று மட்டும் விடையளிப்பது போதாது. கட்டடங்கள் யாவும் இலங்கையிலேயே உள்ளன. உடன்படிக்கைகள் இலங்கைச் சட்டத்துக்கே உட்பட்டவை. எனினும் நிலத்தைப் பார்க்காமலே முடிவெடுக்கும் உரிமையாளருக்கும் தளத்தில் நிற்கும் உறவினருக்கும் இடையே அறிவுறுத்தல் பிறழ்வது எமது அனுபவத்தில் வரைபடப் பிழையைவிட அதிகம் நிகழும் இடர்.

கோரிக்கை வரலாற்றில் ஒன்று முடிவடைந்துள்ளது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரேவி சூறாவளியின் மழையில், உப்புவெளி விடுதியொன்றின் தட்டைக் கூரையில் நீர் தேங்கிக் கீழ்த்தள அறைகள் சேதமடைந்தன. நாம் காட்டியிருந்த வடிகால் வாய்கள் இரண்டு மட்டுமே. ஒன்று அடைபட்டதும் மற்றது தாங்கவில்லை. 2021இல் ரூபா 18 இலட்சத்துக்கு இணக்கம் காணப்பட்டது. காப்புறுதியாளர் 14 இலட்சத்தையும் நாம் 4 இலட்சத்தையும் செலுத்தினோம். புயலின் மேல் பழிபோட்டிருக்கலாம். ஆனால் வடகீழ்ப் பருவமழை ஆண்டுதோறும் வரும் ஊரில் அது நல்ல வாதமாகாது.

இன்னொன்று கோரிக்கையாக மாறவில்லை; ஆயினும் மறைக்க முடியாதது. 2022இல் கிண்ணியாவில் நிரப்பிய நிலத்தில் கட்டி முடிக்கப்பட்ட இருமாடி மருத்துவ நிலையத்தின் சுவர்களில் சாய்ந்த வெடிப்புகள் தோன்றியுள்ளதாக, உரிமையாளர் கடந்த பெப்ரவரி 17ஆம் திகதி எமக்கு எழுதினார். மூன்று இடங்களில் மண் பரிசோதனை தேவை என்று நாம் எழுத்தில் கேட்டிருந்தோம். ஓரிடத்தில் மட்டுமே செய்யப்பட்டது. கட்டமைப்புப் பொறியியலாளரை உரிமையாளரே நேரடியாக நியமித்திருந்தார். இவை எமக்குச் சாதகமானவை. பாதகமானதும் உண்டு: அத்திவார வளையின் மட்டத்தை மாற்ற ஒப்பந்தக்காரர் கேட்டபோது எமது பங்காளர் தொலைபேசியில் சம்மதித்தார், எழுத்துப் பதிவு எதுவுமில்லை. இச்சூழ்நிலையை நடப்புக் காப்புறுதியாளருக்கு மார்ச் 3ஆம் திகதி அறிவித்துவிட்டோம். ஆகவே புதிய பத்திரத்திலிருந்து அது விலக்கப்படுவதை ஏற்கின்றோம். இவ்விவரம் பொறுப்பை ஒப்புக்கொள்வதாகாது.

அத்தொலைபேசி அழைப்பே எமது இன்றைய முதல் விதிக்குக் காரணம்: தளத்தில் வாயால் கூறிய எதுவும் 24 மணித்தியாலத்துக்குள் மின்னஞ்சலில் உறுதிசெய்யப்படும், அதுவரை ஒப்பந்தக்காரர் அவ்வேலையைத் தொடரக்கூடாது என்பது முதற் கூட்டக் குறிப்பிலேயே இடம்பெறும். வெளிநாட்டு உரிமையாளர் எனில், அவர் சார்பில் முடிவெடுக்கும் ஒருவரின் பெயர் எழுத்தில் பெறப்படும். அத்திவாரத்துக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் கொங்கிரீட் இடுமுன் பங்காளர் ஒருவர் கம்பிகளையும், உப்புக்காற்று கருதி அவற்றின் மேல்மூடு தடிப்பையும் நேரில் பார்த்துப் படங்களுடன் பதிவுசெய்வார். தட்டைக் கூரைகளுக்கு மேலதிக வழிவு வாய் கட்டாயம். ஒருவர் தயாரித்த வரைபடத்தை மற்றவர் சரிபார்த்துக் கையொப்பமிடாமல் வெளியிடுவதில்லை; பங்காளர் இருவரே உள்ள அலுவலகத்தில் ஒருவர் விடுப்பில் சென்றால் வேலை தாமதமாகிறது, அதைப் பொறுத்துக்கொள்கின்றோம். எமக்காகப் பணிபுரியும் பொறியியலாளர்களிடம் அவர்களது சொந்தக் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியை ஆண்டுதோறும் பெறுகின்றோம். எழுத்துமூல ஒப்பந்த வழக்குகளுக்கான காலவரையறை ஆறு ஆண்டுகளாயினும், கோப்புகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் பேணுகின்றோம்.

மேற்கூறியவை அலுவலகத்தினர் அனைவரிடமும் விசாரித்த பின் எழுதப்பட்டவை. பத்திரம் தொடங்குமுன் வேறேதும் தெரியவந்தால் உடனே அறிவிப்போம். 2021 இணக்க ஆவணமும், பெப்ரவரி 17ஆம் திகதிக் கடிதமும், மார்ச் 3ஆம் திகதி அறிவித்தலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
பங்காளர்கள் இருவர்