அச்சுக்குப் போகும் முன்: விலை, தேதி, தொலைபேசி எண் சரிபார்ப்புப் பட்டியல்

எதற்கு: மார்ச் 14 அன்று தொடங்கும் தள்ளுபடி விற்பனையின் நான்கு பக்கத் துண்டுப் பிரசுரம், சுவரொட்டி, அஞ்சலட்டை.
எப்போது: 2026 மார்ச் 2, திங்கள். காலை 10 மணிக்குத் தொடக்கம். மாலை 4 மணிக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போகும்.
யார்: இருவர். ஒருவர் மெய்ப்பைப் பார்த்து உரக்க வாசிப்பார், மற்றவர் மூலப்பட்டியலில் விரல் வைத்துத் தொடர்வார். வடிவமைத்தவர் இந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது. மூன்று நாளாக அதே பக்கத்தைப் பார்த்த கண்ணுக்கு அதில் பிழை தெரியாது.

எழுத்துப்பிழை இந்தப் பட்டியலில் இல்லை. அதற்குத் தனி வாசிப்பு நடக்கும். சொல்லில் ஓர் எழுத்து மாறினால் வாசிப்பவருக்கு உறுத்தும். எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அதுவும் ஒழுங்கான எண்ணாகவே இருக்கும். ஆகவே எந்த எண்ணையும் "சரியாகத்தான் தெரிகிறது" என்று விடாதீர்கள். மூலத்தோடு ஒப்பிட்ட எண்ணுக்கு மட்டுமே பென்சிலால் குறியிடுங்கள். குறியில்லாத எண் ஒன்று இருந்தாலும் பக்கம் முடியவில்லை.

முதலில் மூலம்

☐ விலைப்பட்டியலின் ஒரே ஒரு பிரதி மட்டும் மேசையில் இருக்கிறது: பிப்ரவரி 27 அன்று விற்பனைப் பிரிவுத் தலைவர் கையொப்பமிட்ட தாள். மின்னஞ்சலில் வந்த "சின்ன மாற்றங்கள்" எதையும் பார்த்துத் திருத்தக் கூடாது. அவை அந்தத் தாளில் ஏறி மறுபடி கையொப்பம் பெற்றால்தான் செல்லும்.

☐ மெய்ப்பு காகிதத்தில், உண்மையான அளவில் அச்சிடப்பட்டிருக்கிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் 6, 8 இரண்டும் தெளிவாகத்தான் தெரியும். அஞ்சலட்டையின் அடிக்குறிப்பு அளவில் தெரிகிறதா என்பதே கேள்வி.

விலை

☐ விலைகளை இலக்கம் இலக்கமாக வாசியுங்கள்: "ஒன்று, நான்கு, ஒன்பது, ஒன்பது." "ஆயிரத்து நானூற்று..." என்று தொடங்கினால் மீதியை நாக்கு தானாக நிரப்பிவிடும்.

☐ விலையோடு பொருளின் பெயரையும் மாதிரி எண்ணையும் சேர்த்து வாசியுங்கள். சரியான விலை தவறான படத்தின் கீழ் உட்கார்ந்திருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. பெட்டிகளை இடம் மாற்றியபோது படம் நகர்ந்திருக்கும், விலை நகர்ந்திருக்காது. இரண்டாம் பக்கத்தில் மூன்று மின்விசிறிகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. அங்கே நின்று பாருங்கள்.

☐ பழைய விலை, தள்ளுபடி விழுக்காடு, புதிய விலை மூன்றையும் கணிப்பானில் போட்டுப் பாருங்கள். 1,500-க்கு 35% தள்ளுபடி என்றால் 975 வர வேண்டும். மூன்றில் ஒன்றை மட்டும் யாரோ மாற்றியிருந்தால் இங்கேதான் பிடிபடும்.

☐ சுவரொட்டியில் "50% + 20%" என்று இருக்கிறது. இது 70% அல்ல. பாதி விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, மொத்தத்தில் 60%. உள்பக்கத்தில் எங்கேனும் 70% என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

☐ அச்சில் உள்ள விலைகளைக் கூட்டி, மூலப்பட்டியலின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் முதலில் இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று தேடுங்கள். 1,499 என்பது 1,949 ஆகிவிட்டால் வித்தியாசம் 450. அதாவது 9 பெருக்கல் 50. கணக்கர்களின் பழைய உத்தி இது. கூட்டுத்தொகை ஒத்துப்போனாலும் வாசிப்பைத் தவிர்க்கலாகாது: இரண்டு பொருள்களின் விலை ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் கூட்டல் அதைக் காட்டிக்கொடுக்காது.

☐ நட்சத்திரக் குறி இருக்கும் ஒவ்வொரு விலைக்கும் அதே பக்கத்தில் அடிக்குறிப்பு இருக்கிறது. "முதல்" என்ற சொல் விலைக்குப் பக்கத்தில், படிக்கும் அளவில் இருக்கிறது. வரி உட்பட என்றால் பிரசுரம், சுவரொட்டி, அஞ்சலட்டை மூன்றிலும் அப்படியே இருக்கிறது.

தேதி

☐ நாட்காட்டியை மேசையில் வையுங்கள். தொடக்கம் மார்ச் 14, சனி. முடிவு மார்ச் 22, ஞாயிறு. கடந்த ஆண்டு மார்ச் 14 வெள்ளிக்கிழமையில் வந்தது. இந்தப் பிரசுரம் கடந்த ஆண்டுக் கோப்பின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. கிழமை மாறாமல் தங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

☐ எழுத்துகளைப் படமாக மாற்றுவதற்கு முந்தைய கோப்பில் "2025" என்று தேடுங்கள். மாற்றிய பிறகு தேடினால் எதுவும் கிடைக்காது. அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவோம்.

☐ "ஒன்பது நாள்கள் மட்டும்" என்பது சரி. 22-இல் 14-ஐக் கழித்து எட்டு என்று யாரும் திருத்திவிட வேண்டாம். முதல் நாளும் கணக்கில் சேரும். "22 வரை" என்பதை "22 உட்பட" என்று மாற்றுங்கள். கடைசி நாளில் வந்து வாதாடுகிறவர் பக்கம் நியாயம் இருக்கக் கூடாது.

☐ தேதி எங்கும் 03/04 என்ற வடிவத்தில் இல்லை. மாதம் எழுத்தில் இருக்கிறது. "இரவு 12 மணி" எங்கும் இல்லை. அது எந்த நாளின் இரவு என்று இருவர் இருவிதமாகப் படிப்பார்கள். 11.59 என்று எழுதுங்கள்.

☐ பரிசுக் கூப்பனின் கடைசி நாள் விற்பனையின் கடைசி நாளுக்கு முன்பு வரவில்லை.

தொலைபேசி எண்

சென்ற கோடைக்காலத் துண்டுப் பிரசுரத்தில் கடைசி நான்கு இலக்கங்கள் 4417 என்பதற்குப் பதில் 4471 என்று போய்விட்டன. மெய்ப்பை நான்தான் பார்த்தேன். எங்கள் அழைப்புகளையெல்லாம் யாரோ ஒரு வீட்டுக்காரர் ஒரு வாரம் எடுத்துப் பதில் சொன்னார். திட்டக்கூட இல்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

☐ அச்சிட்ட மெய்ப்பைப் பார்த்து, எண் சேமிக்கப்படாத கைப்பேசியிலிருந்து அழையுங்கள். நம் எண் மனப்பாடமாக இருப்பவர் அழைக்கக் கூடாது. அவர் விரல் தாளைப் பார்க்காது.

☐ மணி அடித்தால் போதாது. எடுப்பவரிடம் "இது எந்த இடம்?" என்று கேளுங்கள். பதில் நம் பெயராக இருக்க வேண்டும்.

☐ பிரசுரம், சுவரொட்டி, அஞ்சலட்டை மூன்றிலுமாக எண் தோன்றும் ஐந்து இடங்களிலிருந்தும் தனித்தனியாக அழையுங்கள். அலுப்பான வேலைதான். ஓரிடத்தில் திருத்தி மற்ற நான்கை மறப்பதே வழக்கம்.

☐ விரிதாளிலிருந்து ஒட்டிய எண்ணில் முன்னால் இருந்த சுழியம் விழுந்துவிடவில்லை. இலக்கங்களை எண்ணிப் பாருங்கள்.

☐ வாட்ஸ்அப் எண்ணுக்குச் செய்தி அனுப்பி, பதில் வரும்வரை காத்திருங்கள்.

☐ கியூஆர் குறியை அச்சிட்ட தாளிலிருந்து இரண்டு வேறு கைப்பேசிகளில் படியுங்கள். அலுவலக வைஃபையை அணைத்துவிடுங்கள். உள்ளே மட்டும் திறக்கும் பக்கம் வெளியாருக்குத் திறக்காது. குறியைச் சுற்றி வெள்ளை இடம் விட்டிருக்கிறது.

கடைசி ஒரு மணி நேரம்

☐ 3 மணிக்குப் பிறகு திருத்தம் இல்லை. தவிர்க்க முடியாமல் ஒன்று வந்தால் அந்தப் பக்கம் முழுவதும் மறுபடி வாசிக்கப்படுகிறது, திருத்திய வரி மட்டுமல்ல. ஒரு வரி நீண்டால் கீழே இருக்கும் விலை பெட்டிக்கு வெளியே ஒளிந்துகொள்ளும்.

☐ நாம் குறியிட்ட கோப்பும் அனுப்பும் கோப்பும் ஒன்றே. பெயரில் தேதியும் நேரமும் இருக்கின்றன. "இறுதி", "இறுதி புதியது" என்ற பெயர்கள் இருந்த கோப்புகள் தனிக் கோப்புறையில் போடப்பட்டன.

☐ இயந்திரத்திலிருந்து வரும் முதல் தாளை அச்சகத்தில் நின்று பாருங்கள். எல்லாவற்றையும் படிக்க நேரம் இருக்காது. தொலைபேசி எண், முடிவுத் தேதி, முதல் பக்கத்துப் பெரிய விலை: இந்த மூன்று மட்டும். மை காயும்வரை காத்திருக்க வேண்டாம். அங்கிருந்தே அந்த எண்ணை ஒருமுறை அழைத்துவிடுங்கள்.